எட்டரை அடி ஹால்

"தம்பி, ஹால் பன்னிரண்டு அடின்னு சொன்னீங்க. நான் ஸ்கேல் வச்சுப் பார்த்தேன், எட்டரை அடிதான் வருது."

திருச்சியில் வீடு கட்டவிருந்த ஓர் அம்மா, பல வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்துக்கு வந்து இப்படிக் கேட்டார். பள்ளியில் கணக்கு சொல்லித் தந்து ஓய்வு பெற்றவர். முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு சிறிய வீடு, அதன் தரைத்தள பிளானை நான் வரைந்து மகனின் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தேன். மகன் தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்துத் தந்திருக்கிறார். அம்மா அதை மேசையில் விரித்து, தாளின் கீழே போட்டிருந்த 1:50 என்பதைப் படித்து, ஹாலின் அகலத்தை அளந்திருக்கிறார். 5.2 செ.மீ. வந்தது. ஐம்பதால் பெருக்கினால் 260 செ.மீ. ஓர் அடிக்கு 30.48 செ.மீ. வீதம் வகுத்தால் எட்டரை அடி. அவர் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. பிழை என்னுடையது.

நான் வரைந்தது ஏ3 தாளுக்கு. கடையில் இருந்த பிரிண்டரில் ஏ4 தாள்தான் போகும். ஏ3 படத்தை ஏ4 தாளுக்குச் சுருக்கினால் ஒவ்வொரு நீளமும் ஏறக்குறைய 71 சதவீதமாகக் குறையும். ஹாலின் பன்னிரண்டு அடி 7.3 செ.மீ. ஆக இருந்திருக்க வேண்டியது, 5.2 ஆகிவிட்டது. ஆனால் மூலையில் எழுதியிருந்த 1:50 என்ற எழுத்து மட்டும் 1:50 ஆகவே நின்றது. உண்மையில் அவர் கையில் இருந்தது கிட்டத்தட்ட 1:71 அளவுப் படம். சுருங்கியபோது படம் தன்னை மாற்றிக்கொண்டது, எண் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தத் தாளில் ஸ்கேல் பார் எனப்படும் அளவுப் பட்டை ஒன்று இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. நான் அதைப் போடவில்லை.

அன்றிலிருந்து எந்த பிளானையும் வாடிக்கையாளர் கைக்குக் கொடுக்கும் முன், திரையில் பார்த்து முடித்துக்கொள்வதில்லை. ஏ4 தாளில், சாதாரணக் கருப்பு வெள்ளை பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்து, அதை வைத்துத்தான் சரிபார்க்கிறேன். வீட்டுக்காரர் கடைசியில் கையில் வைத்திருக்கப்போவது அதுதானே. மேஸ்திரி மடித்துச் சட்டைப் பையில் வைப்பதும், உறவினர் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்ப்பதும் அந்தத் தாள்தான்.

அளவுப் பட்டை என்பது படத்தின் ஓரத்தில் வரைந்த ஒரு சிறிய கட்டக் கோடு. கருப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும். அடியில் 0, 5, 10, 20 அடி என்று எழுதியிருக்கும். முதல் ஐந்து அடியை மட்டும் ஒவ்வோர் அடியாகப் பிரித்திருப்பது நல்லது, அரை அடி கால் அடி பார்ப்பவர்களுக்கு உதவும். இதன் சிறப்பு எளிமையானது: படம் சுருங்கினால் பட்டையும் அதே விகிதத்தில் சுருங்கும். ஏ3 தாளில் பத்தடி என்பது 6.1 செ.மீ. நீளமுள்ள பட்டை. ஏ4 தாளில் அதே பட்டை 4.3 செ.மீ. ஆகிவிடும். இரண்டிலும் அது பத்தடிதான். ஸ்கேலும் பெருக்கலும் தேவையில்லை. ஒரு காகிதத் துண்டின் ஓரத்தைப் பட்டையின் மேல் வைத்து, பேனாவால் சுழியையும் பத்தையும் குறித்து, அந்தத் துண்டை அறையின் மேல் நகர்த்தினால் போதும்.

பட்டையைச் சரிபார்ப்பதும் அதே காகிதத் துண்டால்தான். படத்தில் பத்தடி என்று எழுதியிருக்கும் ஓர் அறையைத் தேடுவேன். பட்டையில் குறித்த துண்டை அந்த அறையின் குறுக்கே வைப்பேன். இரண்டு குறிகளும் சுவரின் உள்முகங்களில் சரியாக உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் பட்டை பொய் சொல்கிறது, அல்லது அளவு எழுதியதில் பிழை. ஒருமுறை, 1:100 அளவில் செய்த பழைய பிளானிலிருந்து தலைப்புக் கட்டத்தோடு சேர்த்துப் பட்டையையும் நகலெடுத்து 1:50 படத்தில் ஒட்டிவிட்டேன். பத்தடி என்று எழுதிய பட்டை 3 செ.மீ. நீளம்தான் இருந்தது. அதை நம்பி அளந்தால் பத்தடி அறை இருபதடியாகத் தெரியும். திரையில் பார்த்தபோது கண்ணில் படவில்லை, பட்டை அழகாகத்தான் இருந்தது. காகிதத் துண்டை வைத்த நொடியில் தெரிந்தது.

ஆட்டோகேடில் வரைபவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டையைத் தாளின் பக்கமான Layout-இல் வரையாமல், வீடு வரைந்திருக்கும் Model பக்கத்திலேயே, உண்மையான பத்தடி, இருபதடி நீளத்துக்கு வரைந்துவிடுங்கள். அப்போது படத்தை எந்த அளவுக்கு மாற்றினாலும் பட்டை வீட்டோடு சேர்ந்தே மாறும். Layout-இல் வரைந்த பட்டை வீட்டை விட்டுத் தனியாக நிற்கும். பின்னொரு நாள் யாராவது படத்தின் அளவை மாற்றினால், பட்டை பழைய அளவிலேயே கிடக்கும். எழுதும்போது 1:50 என்று மட்டும் நிறுத்தாமல் "ஏ3 தாளில் 1:50" என்று எழுதுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

பட்டை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தலைப்புக் கட்டத்துக்குள், தாளின் கடைசி ஓரத்தில் வைத்தால், பிளானைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் முதலில் வெட்டி எறிவது அந்த ஓரத்தைத்தான். வீட்டின் வெளிச்சுவருக்கு நேர் கீழே, வடக்குத் திசை அம்புக்குப் பக்கத்தில் வைத்தால் பட்டை தப்பிவிடும். நம் ஊரில் பிளானை வாங்கியவர் முதலில் தேடுவது ஈசானிய மூலையும் அக்னி மூலையும்தான். வடக்கு அம்பை யாரும் வெட்டமாட்டார்கள். அதன் நிழலில் பட்டையும் பிழைத்துக்கொள்ளும்.

பட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. பிளானை வேர்டு கோப்பில் ஒட்டி, பக்கத்தில் அடங்க வேண்டும் என்று ஓரத்தைப் பிடித்து இழுத்தால், அகலம் மட்டும் சுருங்கி உயரம் அப்படியே நிற்கும். கிடையாக வரைந்த பட்டை கிடையான அளவுகளுக்கு மட்டுமே உண்மை சொல்லும். அதனால் காகிதத் துண்டைக் கிழக்கு மேற்காக ஒருமுறை, வடக்கு தெற்காக ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். சாய்வாகப் பிடித்து எடுத்த செல்போன் படத்தில் எந்தப் பட்டையும் உதவாது. இன்னொன்று: பட்டை என்பது கட்டில் அடங்குமா, நாற்காலி போடலாமா என்று வீட்டுக்காரர் பார்ப்பதற்கு. சுவர் எழுப்புகிறவர் படத்தில் எழுதியிருக்கும் எண்ணைத்தான் பின்பற்ற வேண்டும், அளந்து கட்டக் கூடாது. இதைப் படத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுவேன்.

எழுதியிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும் என்றால் அந்த எண் படிக்கத் தெரிய வேண்டும். அந்த அம்மாவின் தாளை அன்று நான் இரண்டாவது முறை பார்த்தபோது மனம் சங்கடப்பட்டது அதனால்தான். ஜன்னல் அளவுகளை 1.8 மில்லிமீட்டர் உயரத்தில் எழுதியிருந்தேன். ஏ4 தாளில் அது 1.3 மி.மீ. ஆகிவிட்டது, மருந்து அட்டையின் பின்பக்க எழுத்துபோல. அறுபது வயதுக்காரர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டும் படிக்க முடியாது. அவர் ஸ்கேலை எடுத்ததே ஹால் அளவு கோடுகளுக்குள் சிக்கிச் சரியாகத் தெரியாததால்தான் என்று பிறகு சொன்னார்.

வரைபட எழுத்துகளுக்கு உலக அளவில் ஒரு வரிசை இருக்கிறது: 1.8, 2.5, 3.5, 5, 7 மி.மீ. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுமார் 1.4 மடங்கு. ஏ வரிசைத் தாள்களும் இதே விகிதத்தில்தான் ஒன்றிலிருந்து ஒன்று பெரிதாகின்றன. ஆக, 3.5 மி.மீ. எழுத்தை ஒரு தாள் அளவு சுருக்கினால் 2.5 மி.மீ. வரும், அடுத்த படிக்கட்டில் சரியாக இறங்கி நிற்கும். யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு இது. ஒரு பத்திரிகையில் நீங்கள் வசதியாகப் படிக்கும் பத்து புள்ளி எழுத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர்தான். ஆகவே ஏ3 தாளில் என் மிகச் சிறிய எழுத்து 3.5 மி.மீ. அறைப் பெயர்கள் 5 மி.மீ. ஏ4 ஆகச் சுருங்கினாலும் 2.5-க்குக் கீழே எதுவும் போகாது. அந்த உயரத்தில் எல்லாவற்றையும் எழுத இடம் இல்லையென்றால், எழுத்தைச் சிறிதாக்குவதில்லை. ஜன்னல் கதவு அளவுகளை ஒரு பட்டியலாக ஓரத்தில் வைத்துவிட்டு, படத்தில் ஜ1, க2 என்று மட்டும் குறிக்கிறேன்.

அடியும் அங்குலமும்தான் எனக்கு இன்னும் பயம் தருபவை. 1'-0" என்பதில் அடிக்குறி ஓர் ஊசிமுனை, நடுவில் ஒரு சின்னக் கோடு. படம் மங்கினால் இரண்டும் போய் 10" என்று நிற்கும். சுவர் அலமாரியின் ஆழத்தை ஓர் அடி என்று எழுதி, அது பத்து அங்குலமாகக் கட்டப்பட்டு, கோப்புகள் துருத்திக்கொண்டு நின்ற ஒரு வீட்டை நானே பார்த்திருக்கிறேன். 11'-1" என்பதோ வெறும் ஒற்றைக் கோடுகளின் வரிசையாகத் தெரியும். இப்போது வாடிக்கையாளர் பிரதியில் "11 அடி 1 அங்." என்றே எழுதுகிறேன். இடம் கொஞ்சம் பிடிக்கிறது, பிடிக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது தானே சுருக்கி மங்கலாக்கும், அதனால் பி.டி.எஃப். கோப்பாக, டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பச் சொல்கிறேன்.

அறைப் பெயர்களைத் தமிழில் எழுதினால் ஒரு கண்ணி இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் சமையலறை என்பது rikayiw என்று வந்து நிற்கும். ஆட்டோகேடின் பழைய கோட்டெழுத்துகளில் தமிழே கிடையாது, கேள்விக்குறிகளோ கட்டங்களோதான் தெரியும். யூனிகோடு எழுத்துருவில் எழுதி, பி.டி.எஃப். ஆக்கி, அந்தக் கோப்பை வேறொருவர் செல்போனில் திறந்து பார்த்த பிறகே அனுப்புவது பழக்கமாகிவிட்டது. சுருக்கெழுத்துகளையும் அப்போதே பார்த்துவிடுவேன். ஓ.டி.எஸ். என்று எழுதிய இடத்தைக் காட்டி, "இது என்ன ரூம் தம்பி?" என்று அந்த அம்மாவும் கேட்டார். அது அறையே இல்லை, வெளிச்சத்துக்காகக் கூரை போடாமல் விடும் இடம். "மேலே திறந்த வெளி" என்று எழுதியிருந்தால் ஒரு கேள்வி மிச்சமாகியிருக்கும்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கோடுகள் அதன் மேல் ஓடினால் படிக்க முடியாது. ஹால் அளவு சிக்கிக்கொண்டது தரை ஓடுகளின் கட்டங்களுக்குள். இங்கேதான் கோட்டின் தடிமன் வருகிறது.

பிளான் என்பது என்ன? கட்டி முடித்த வீட்டைத் தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில் வாழைத்தண்டை நறுக்குவதுபோல் கிடையாக நறுக்கி, மேல் பாதியைத் தூக்கி வைத்துவிட்டு, மேலிருந்து பார்ப்பது. கத்தி பட்ட இடங்கள் சுவர்கள். அவை மிகத் தடித்த கோட்டில் இருக்க வேண்டும். கத்திக்குக் கீழே கிடக்கும் மேடை, படிக்கட்டு, கட்டில் எல்லாம் மெல்லிய கோடு. தரை ஓடுகள் எல்லாவற்றையும்விட மெல்லியவை. தூக்கி வைத்த மேல் பாதியில் இருக்கும் பரண், உத்திரம், சன்ஷேடு ஆகியவை விட்டு விட்டு வரும் கோடு. இந்த ஒழுங்கு இருந்தால், வரைபடம் படிக்கப் பழகாதவர்கூட எங்கே நடக்கலாம், எங்கே முட்டும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். ஒழுங்கு இல்லையென்றால் பரணைச் சுவர் என்று நினைத்து, "சமையலறைக்கு நடுவுல ஏன் சுவர்?" என்பார்.

நான் வேலை பழகியபோது கையில் மை பேனாக்களால் வரைந்தோம். ஒவ்வொரு பேனாவிலும் ஒரு நிற வளையம்: 0.18 சிவப்பு, 0.25 வெள்ளை, 0.35 மஞ்சள், 0.5 பழுப்பு. இவையும் அதே 1.4 மடங்கு வரிசைதான். அதனால்தான் ஒரு தாள் அளவு சுருக்கினால் 0.5 கோடு 0.35 ஆகிறது, 0.35 கோடு 0.25 ஆகிறது. சுவருக்குப் பழுப்பு, கதவுக்கு வெள்ளை, ஓட்டுக்குச் சிவப்பு என்று கை தானாகப் போகும். கணினியில் அந்தக் கை இல்லை. திரையில் எல்லாக் கோடும் ஒரே பருமனாகத் தெரியும், நிறத்தால் மட்டும் வேறுபடும். LWDISPLAY என்பதை இயக்கினால் ஓரளவு தடிமன் தெரியும், ஆனாலும் தாள்தான் சாட்சி.

என் தாளில் நடந்தது இரண்டு. ஒன்று, தரை ஓடுகளைக் கதவுகளின் அதே 0.25 தடிமனில் விட்டிருந்தேன், அவை அறை முழுவதும் கம்பி வலைபோல் பரவி எண்களை விழுங்கின. இரண்டு, கதவு திறக்கும் வில்கோட்டை மஞ்சள் நிறத்தில் வைத்திருந்தேன். கறுப்புத் திரையில் அது பளிச்சென்று இருந்தது. நிறத்தை அப்படியே அச்சிட்டதால் கருப்பு வெள்ளை பிரிண்டரில் வெளிறிய சாம்பலாகி, ஜெராக்ஸில் முழுக்கக் காணாமல் போனது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதே தாளில் இல்லை. அச்சிடும்போது monochrome.ctb-ஐத் தேர்ந்திருந்தால் எல்லா நிறமும் கருப்பாகவே விழுந்திருக்கும்.

இதற்கு நான் செய்யும் சோதனை: ஏ4 பிரதியை இன்னொரு முறை ஜெராக்ஸ் எடுத்து, சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்ப்பேன். அறைகளின் உருவம் மட்டும் தெரிய வேண்டும். ஓடுகளோ சோபாவோ முதலில் கண்ணில் பட்டால் சுவர் மெலிந்திருக்கிறது அல்லது மற்றவை தடித்திருக்கின்றன. பிறகு அருகில் போய், ஒவ்வொரு கதவின் வில்லையும் விரலால் தொட்டு எண்ணுவேன். ஒன்று குறைந்தாலும் அந்தக் கோடு ஜெராக்ஸைத் தாங்கவில்லை என்று அர்த்தம். 0.13 தடிமனில் வரைந்தவை பெரும்பாலும் இங்கேதான் விழும், ஏ4 தாளில் அவை 0.09 மி.மீ. ஆகிவிடுகின்றன. வாடிக்கையாளருக்குப் போகும் ஏ3 படத்தில் 0.18-க்குக் கீழே இப்போது எதையும் வைப்பதில்லை. ஓடுகளைப் பெரும்பாலும் எடுத்தே விடுகிறேன். கட்டடத்தை நறுக்கும் அந்தக் கத்தியைக் காட்டுவதுதான் என் வேலை, ஓட்டின் அளவைத் தனித் தாளில் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று நாள் கழித்து அந்த அம்மாவுக்குப் புதுத் தாள் கொடுத்தேன். வேண்டுமென்றே ஏ4-இல்தான் எடுத்தேன். சுவர்கள் தடித்து நின்றன, ஹாலில் "12 அடி" என்பது வெள்ளைத் தரையில் தனியாக இருந்தது, கீழே வடக்கு அம்புக்குப் பக்கத்தில் இருபதடிப் பட்டை. காகிதத் துண்டை எப்படி வைப்பது என்று ஒருமுறை காட்டினேன். அவர் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அடுத்த வாரம் வந்தபோது தாளோடு ஓர் உறையும் இருந்தது. உறைக்குள் அட்டையில் வெட்டிய சின்னச் சின்னச் செவ்வகங்கள். பட்டையை வைத்து அளந்து, வீட்டில் இருந்த சாமான்களை எல்லாம் வெட்டியிருந்தார். ஐந்தடிக்கு ஆறரை அடித் தேக்குக் கட்டில், 2.2-க்கு 2.8 செ.மீ. அட்டையாக இருந்தது. மூன்றடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள இரும்பு பீரோவுக்கு ஒரு சின்னத் துண்டு.

"கிழக்க தலை வச்சுப் படுக்கணும் தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு அதுதான் பழக்கம். அப்படிப் போட்டா இங்க பாருங்க" என்று படுக்கையறையின் மேல் கட்டில் அட்டையை வைத்தார். அறை கிழக்கு மேற்காகப் பத்தடி. கட்டிலின் கால்மாட்டுக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவே மூன்றரை அடி. நான் பீரோவை வரைந்திருந்தது மேற்குச் சுவரில். அது ஒன்றரை அடி எடுத்துக்கொண்டால் மிச்சம் இரண்டடி. பீரோக் கதவு திறக்க இன்னொரு ஒன்றரை அடி. மீதி அரை அடியில் ஆள் நின்று புடவை எடுக்க முடியாது.

"வடக்குச் சுவருக்கு மாத்திடலாம்மா" என்றேன்.

"அங்க ஜன்னல் இருக்கே."

காகிதத் துண்டை வடக்குச் சுவரின் மேல் வைத்தோம். ஜன்னல் நடுவில் நான்கடி, இரண்டு பக்கமும் மூன்றடி வீதம். மூன்றடி பீரோ அந்த மூலையில் உட்காரும், ஆனால் திறந்த கதவு ஜன்னலை மறைக்கும். ஜன்னலை ஓர் அடி கிழக்கே நகர்த்தினால் பீரோவுக்கு நான்கடி கிடைக்கும். பென்சிலால் குறித்தார். நான் கணினியில் மாற்றினேன், அளவை மாற்றி எழுதினேன், ஏ4-இல் ஒரு பிரதி எடுத்துப் பட்டையின் மேல் துண்டை வைத்துப் பார்த்துவிட்டு அவரிடம் கொடுத்தேன்.